முதல் நிமிடத்தில் 69

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும். காலை நிகழ்ச்சி செய்கிறவனுக்கு அது நடுச்சாமம். கைப்பேசி அடித்தது. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அக்கா, என் பெரியம்மா மகள்.

"தம்பி, தூங்கிட்டியா? ஒரு பேச்சு எழுதித் தரணும். வியாழக்கிழமை. ரேடியோவுல பேசுற மாதிரி, கேட்டவுடனே எல்லாரும் எழுந்து உட்காரணும்."

அக்கா ஒரு கம்பெனியின் வட வட்டார விற்பனை மேலாளர். உணவகங்களுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் சமையலறைச் சாமான் விற்கும் கம்பெனி: பெரிய குளிர்பெட்டி, ஓவன், ரொட்டிச் சானாய் போடும் தட்டை அடுப்பு, துருப்பிடிக்காத எஃகு மேசை. பேராக், பினாங்கு, கெடா, பெர்லிஸ் நான்கும் அக்கா பொறுப்பு. கீழே எட்டு விற்பனை அதிகாரிகள். காலாண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் ஓர் இடத்தில் கூட்டி, அடுத்த மூன்று மாதத்துக்கு வேலையைத் தொடங்கி வைக்கும் கூட்டம் நடக்கும். இந்தமுறை பட்டர்வொர்த்தில் ஒரு ஹோட்டலில்.

"போன காலாண்டு எப்படிக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதைப் பத்திப் பேசாம எழுத முடியுமா?"

அங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். "முடியும்க்கா" என்றேன். மறுநாளே எழுதியும் கொடுத்தேன். புயலுக்குப் பின் வானவில், விழுந்தால் எழுவோம், இது நம்முடைய சிறந்த காலாண்டாக இருக்கும் என்று ஒன்றரைப் பக்கம். மைக் முன்னால் படித்துப் பார்த்தேன், எனக்கே புல்லரித்தது. அக்கா படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூணு மாசமா கமிஷன் வராதவன் முன்னாடி நின்னு இதைச் சொன்னா அவன் என்னடா நினைப்பான்?"

பிறகுதான் கணக்கைக் காட்டினார். (கம்பெனி எது என்று தெரியக்கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். விகிதம் மாறவில்லை.)

காலாண்டின் இலக்கு 1.8 மில்லியன் ரிங்கிட். விற்றது 1,242,000. நூற்றுக்கு 69. அந்தக் கம்பெனியில் வட்டாரம் இலக்கில் 80 விழுக்காட்டைத் தொட்டால்தான் கமிஷன். ஆக, எட்டு பேரும் அடிப்படைச் சம்பளத்தோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு பேர் வேறு வேலை தேடுகிறார்கள் என்று அக்கா காதுக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் என் தொழில் எனக்கே ஞாபகம் வந்தது. காலையில் பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்றால், அதில் மாட்டிக்கொண்டவர்கள்தான் என் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் "ஆஹா, என்ன அழகான காலைப்பொழுது" என்று தொடங்கினால் கை நேராக அடுத்த அலைவரிசைக்குப் போகும். நெரிசல் எங்கே ஆரம்பிக்கிறது, எதனால், எவ்வளவு நேரம் ஆகும், இப்போதே திரும்பினால் எந்த வழி என்று சொன்னால் கேட்பார்கள். விற்பனைக் குழுவும் நெரிசலில் நிற்கும் கார் மாதிரிதான். எண்ணை அவர்களிடம் மறைக்கவே முடியாது. தன் கமிஷனைத் தினமும் மனசுக்குள் கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள். தலைவர் அதை வாய்விட்டுச் சொல்லும்வரை "எப்போ சொல்லப்போறாங்க?" என்றே காத்திருப்பார்கள். வேறு எதுவும் காதில் ஏறாது.

என் ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணிக்கே காரை விட்டேன்.

முதலில் காரணம் தேடினோம். இலக்குக்குக் குறைந்தது 558,000 ரிங்கிட். "மார்க்கெட் மோசம், சீனப் புத்தாண்டும் நோன்பு மாதமும் ஒரே காலாண்டுல வந்துடுச்சு" என்றார் அக்கா. போன வருஷமும் அப்படித்தானே வந்தது என்றேன். சிரித்துவிட்டு அதை அடித்தார். மிச்சமானவை இரண்டு. ஹோட்டல் புதுப்பிப்பு வேலை இரண்டு, மொத்தம் 240,000 ரிங்கிட், தள்ளிப்போயிருந்தன. கைவிட்டுப் போகவில்லை. அடுத்து, மூன்று வாரத்தில் வரும் என்று சொன்ன குளிர்பெட்டிகள் எட்டு வாரம் ஆகியும் வராததால் ஆறு வாடிக்கையாளர்கள் ஆர்டரை ரத்து செய்திருந்தார்கள். அது 138,000.

"சரி, மீதி 180,000?"

அக்காவுக்குத் தெரியவில்லை. பல பேச்சுகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். தெரியாத பாகத்தின் மேல் "இன்னும் கடுமையாக உழைப்போம்" என்று ஒரு துணியைப் போட்டு மூடிவிடுகிறோம்.

அன்றும் மறுநாளும் ராத்திரி உட்கார்ந்து, மூன்று மாதத்தில் கொடுத்த விலைப்பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அந்த இரண்டு ஹோட்டலையும் விட்டுவிட்டால் 240 விலைப்பட்டியல். அதில் 54 ஆர்டராக மாறியிருந்தது. 96 பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் 90 பேர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த 90-இல் 61 பேருக்கு, விலை அனுப்பிய பதினான்கு நாளுக்குள் யாரும் இரண்டாவது முறை போன்கூடப் போடவில்லை.

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது என் தப்பு தம்பி. வாராவாரம் அவங்ககிட்ட நான் கேட்டது ஒரே கேள்விதான்: 'எத்தனை விலைப்பட்டியல் கொடுத்தே?' அவங்களும் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க."

பேச்சின் நடுப்பகுதி கிடைத்துவிட்டது. நான் எழுதவில்லை, அக்கா வாயிலிருந்து அப்படியே வந்தது.

அடுத்து இலக்கு. தலைமையகம் குறைக்காது. அக்கா கேட்டுப் பார்த்திருக்கிறார், முடியாது என்றுவிட்டார்கள். மறுபடியும் 1.8 மில்லியன். ஓர் ஆர்டர் சராசரியாக 23,000 ரிங்கிட் என்றால் 79 ஆர்டர் வேண்டும். இப்போதுள்ள வேகத்தில் 79 ஆர்டர் எடுக்க ஏறக்குறைய 350 விலைப்பட்டியல் கொடுக்க வேண்டும். ஒருவர் மூன்று மாதத்தில் 30 கொடுத்த இடத்தில் 44. "ஓடு, இன்னும் ஓடு" என்பதற்கு அதுதான் அர்த்தம். எட்டு பேருக்கும் அந்தக் கணக்கு உடனே புரியும், நடக்காது என்பதும் புரியும். ஆகவே கேட்க வேண்டியது அதுவல்ல. கிடப்பில் கிடக்கும் அந்த 90-ஐ முடிக்கச் சொல்வதுதான்.

அதிலும் அளந்துதான் நம்பிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. ஆறிப்போன விலைப்பட்டியல் ஆறிப்போன தே தாரிக் மாதிரி, எல்லோரும் குடிக்கமாட்டார்கள். பாதிப் பேர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்கள். 90-இல் 10 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டோம். அது 230,000. போன காலாண்டு போலவே 54 ஆர்டர், தள்ளிப்போன ஹோட்டல் இரண்டு, இந்த 10, எல்லாம் கூட்டினால் 1,712,000. இலக்குக்கு இன்னும் 88,000 குறைகிறது.

"இந்த 88,000-ஐ என்னக்கா செய்றது? நூறு போன் பண்ணா கிடைச்சுடும்னு ஒரு வரி போட்டுடலாமா?"

"வேணாம். எங்கேயிருந்து வரும்னு எனக்கு இன்னும் தெரியலைன்னு சொல்லப்போறேன்."

எனக்குத் திக்கென்றது. கோலாலம்பூரிலிருந்து பெரிய முதலாளி வந்து கடைசி வரிசையில் உட்காரப்போகிறார். அவர் முன்னால் வட்டார மேலாளர் "தெரியவில்லை" என்று சொல்வதா? அக்கா பிடிவாதமாக இருந்தார். "மத்த எண்ணை அவங்க நம்பணும்னா இந்த எண்ணை நான் மறைக்கக்கூடாது."

என் பங்குக்குச் செய்தது ஒன்றுதான். காதால் கேட்கிறவருக்கு மூன்று எண்ணுக்கு மேல் நிற்காது. வானொலியில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அது. மேலே உங்களுக்குச் சொன்ன எண்களில் முக்கால்வாசியைப் பேச்சிலிருந்து எடுத்தோம். நின்றவை மூன்று: 69, 90, 88,000. மற்றதெல்லாம் ஒரு பக்கத் தாளில் அவரவர் கைக்கு.

திரையில் யார் எவ்வளவு விற்றார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. அதையும் எடுத்தோம். கடைசியில் தன் பெயரைப் பார்த்தவனுக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் விழாது. பதிலாக, கிடப்பில் இருக்கும் விலைப்பட்டியல்களை ஆளுக்கொரு உறையில் போட்டோம். ஒருவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு. அவரவர் கணக்கு அவரவருக்கு மட்டும்.

வியாழக்கிழமை எனக்கு விடுப்பு. பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினார். குழுவில் மூன்று இனத்தவரும் இருக்கிறார்கள். இங்கே தமிழில் தருகிறேன்.

"காலை வணக்கம். 69. போன காலாண்டில் நாம் தொட்டது இலக்கில் 69 விழுக்காடு. உங்களில் யாருக்கும் கமிஷன் வரவில்லை. சிலருக்கு வீட்டில் அதைச் சொல்வதே கஷ்டமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும்.

"இதில் உங்கள் கையில் இல்லாதது இரண்டு. ஹோட்டல் வேலைகள் தள்ளிப்போயின. சரக்கு தாமதமாக வந்தது. மூன்று வாரம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லச் சொன்னது நான். அது தப்பு. இன்றிலிருந்து எட்டு வாரம் என்று எழுதியே கொடுங்கள். அதனால் சில ஆர்டர் போகும். போகட்டும். ரத்தாகும் ஆர்டரைவிட வராத ஆர்டர் மேல்.

"நம் கையில் இருந்தது ஒன்று. 90 பேருக்கு விலை கொடுத்துவிட்டு, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமலேயே இருக்கிறோம். நான் உங்களிடம் எண்ணிக்கையை மட்டும் கேட்டேன், அதனால் நீங்களும் எண்ணிக்கையைக் கொடுத்தீர்கள். இனி திங்கட்கிழமைகளில் என் கேள்வி மாறும்: 'இந்த வாரம் எத்தனை பேரிடம் பதில் வாங்கினீர்கள்?' வேண்டாம் என்ற பதிலும் கணக்கில் சேரும்.

"தைப்பிங்கில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் நம்மிடம் ஓவன் வாங்கினார். நான்காவது போனில்தான் சரி என்றார். முதல் மூன்று போனிலும் அவர் மறுக்கவில்லை, கடையில் மின்சார வேலை முடியட்டும் என்று காத்திருந்தார். கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் இந்த 90-இல் சேர்ந்து 91 ஆகியிருக்கும்.

"இலக்கு குறையவில்லை. குறைக்கச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள். ஒன்று மட்டும் கிடைத்தது. தாமதத்தால் போன காலாண்டில் பில் போட முடியாமல், இன்னும் ரத்தாகாமல் இருக்கும் ஆர்டர்கள் இந்தக் காலாண்டில் உங்கள் பெயரில் சேரும். ரத்தானவை சேராது.

"இந்த 90-இல் பத்து கிடைத்து, ஹோட்டல் இரண்டும் வந்து, மற்றது போன காலாண்டு போலவே நடந்தால் கமிஷன் கோட்டைத் தாண்டிவிடுவோம். இலக்கைத் தாண்டமாட்டோம். 88,000 குறையும். அது எங்கிருந்து வரும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவுடன் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

"உறையைத் திறங்கள். இரண்டு வாரம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றில் ஒன்று எழுதுங்கள்: சரி, வேண்டாம், அல்லது ஒரு தேதி. 'பார்க்கலாம் என்றார்' என்று எழுதக்கூடாது. இன்று பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை வேறு கூட்டம் கிடையாது. முதல் போனை இங்கிருந்தே போடுவோம். நானும் என் உறையோடு உட்காருகிறேன்."

பதினோரு நிமிடம். கைதட்டல் பெரிதாக இல்லை. தொடக்கத்தில் மேசைக்கடியில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த இரண்டு பேர் "69" என்றதும் தலையைத் தூக்கினார்கள். "நான் சொன்னது தப்பு" என்ற இடத்தில் அலோர் ஸ்டார்காரர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த இடத்தை நாங்கள் ஒத்திகையில் குறைத்திருந்தோம். முதலில் அக்கா அதை ஐந்தாறு வரி பேசினார். கேட்டால் பரிதாபமாக இருந்தது. குழு தன் கவலையை விட்டுவிட்டு மேலாளரைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். தப்பு என்ன, இனி என்ன மாறும், அதற்குமேல் ஒரு வரிகூட வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

பேச்சு எடுபட்டதா என்பதைக் கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது, கேள்வியை வைத்துத்தான் சொல்ல முடியும். எழுப்பிவிடும் பேச்சுக்குப் பிறகு "கேள்வி உண்டா?" என்றால் யாரும் கேட்பதில்லை, சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். அன்று நான்கு கேள்வி வந்தது. முதல் கேள்வியே காரமானது. பினாங்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் கேட்டார்: "எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்து, பத்து வாரம் ஆனால்?"

அக்கா கடைசி வரிசையைப் பார்த்தார். பெரிய முதலாளி மெல்ல எழுந்து, எட்டு வாரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் ஆறாவது வாரமே கிடங்கிலிருந்து விற்பனை அதிகாரிக்குத் தகவல் வரும் என்றார். அது பேச்சில் இல்லாத வாக்குறுதி. மேடையில் பொய் இல்லாததால் கேட்கத் துணிவு வந்தது, கேட்டதால் அது கிடைத்தது என்றே எனக்குப் பட்டது.

இதை எழுதும்போது ஜூன் நடுப்பகுதி. "பிறகு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். அந்த 90-இல் 81 பேரிடம் பதில் வாங்கியிருக்கிறார்கள். 8 ஆர்டர். 15 பேர் பின்னாளில் ஒரு தேதி சொல்லியிருக்கிறார்கள். 58 பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். 9 பேர் போனையே எடுக்கவில்லை. ஹோட்டல் இரண்டில் ஒன்று, 130,000 ரிங்கிட், உறுதியானது. மற்றது வருஷக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. மற்ற விற்பனை போன காலாண்டு அளவிலேயே ஓடுகிறது. மாதக் கடைசியில் 1.55 மில்லியனைச் சுற்றி நிற்கும் என்பது அக்காவின் கணக்கு. இலக்கு இல்லை. ஆனால் 80 விழுக்காட்டுக் கோட்டுக்கு மேலே. எட்டு பேரில் ஒருவர் மே மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் போவதாக இருந்தவர், இருக்கிறார்.

அந்த 58 "வேண்டாம்" பற்றி அக்காவிடம் கேட்டேன். வருத்தமா என்றேன்.

"இல்லைடா. அந்த 58 பேரையும் எங்காளுங்க மனசுல மூணு மாசமா சுமந்துக்கிட்டு இருந்தாங்க, கிடைக்கும் கிடைக்கும்னு. இப்ப இறக்கி வச்சுட்டாங்க."

ஜூலையில் அடுத்த கூட்டம். பேச்சு எழுதித் தரட்டுமா என்று நானே கேட்டேன். வேண்டாம், முதல் வரி தயார் என்றார்.

"என்னக்கா முதல் வரி?"

"30-ஆம் தேதி கணக்கு முடியட்டும். அன்னைக்கு என்ன எண் வருதோ அதுதான்."

அதற்குப் பிறகு ஒருநாள் காலை என் நிகழ்ச்சியில் நெரிசல் செய்தி வாசித்தேன். பாலத்தில் நாற்பது நிமிடம் என்று வந்திருந்தது. வழக்கமாக "கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பேன். அன்று நாற்பது நிமிடம் என்றே சொன்னேன். யாரோ ஒருவர் உடனே குறுஞ்செய்தி அனுப்பினார்: "நன்றி. வேற வழிக்குத் திரும்பிட்டேன்."